நேரசூசியின் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தால்

பாமன்கடை, வெள்ளவத்தைப் பக்கம் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். பரீட்சை நேரசூசியைப் படம் பிடித்து, கம்பஸில் படிக்கும் அண்ணாவுக்கோ ரியூசன் ஆசிரியருக்கோ அனுப்பிவிடுவார்கள். கூட ஒரு வரியும் இராது. பிள்ளை கேட்பது என்ன? திகதிகளை போனில் போட்டு ஞாபகப்படுத்தச் சொல்கிறதா, படிப்பதற்கு ஒரு திட்டம் போட்டுத் தரச் சொல்கிறதா, அல்லது ஏதாவது நேரம் முட்டுகிறதா என்று பார்க்கச் சொல்கிறதா? படத்தைப் பெற்றவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊகிப்பதற்குச் சில தடயங்கள் உண்டு. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் படம் வந்தால் பெரும்பாலும் திட்டம்தான் வேண்டியிருக்கும். மூன்று நாள் இருக்கையில் வந்தால் ஞாபகமூட்டல். பாடசாலை நேரசூசியும் ரியூசன் அட்டையும் சேர்ந்து இரண்டு படமாக வந்தால், அல்லது இரண்டு வரிகளைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டிருந்தால், முட்டுகிறதா என்பதே கேள்வி. ஆனாலும் ஊகிக்க முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "எந்தப் பாடங்கள் எடுக்கிறீர்?" பரீட்சைத் திணைக்களத்தின் நேரசூசியில் எல்லாப் பிரிவுகளின் பாடங்களும் கிடக்கும். உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கு அதில் 01 பௌதிகவியல், 02 இரசாயனவியல், 09 உயிரியல் ஆகிய வரிகளும் பொது வினாத்தாள்களும்தான் வேண்டும். மற்றதெல்லாம் கண்ணைக் குழப்பும். அனுமதி அட்டையில் உள்ள பாட இலக்கத்தை நேரசூசியில் உள்ள இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு. பாடப் பெயரை மட்டும் நம்பினால் பழைய பாடத்திட்ட வரியை எடுத்துவிடவும் கூடும்.

அடுத்தது, படம் எந்த ஆண்டினது என்பது. பெரும்பாலான படங்களில் தலைப்பு வெட்டுப்பட்டிருக்கும். திகதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியில் பார்த்தால் போன வருடத்துப் படம் உடனே பிடிபடும். ஆனால் அதே ஆண்டின் படமும் பொய்யாகிப் போகலாம். 2024 உயர்தரப் பரீட்சை அதற்கு நல்ல உதாரணம்.

அந்தப் பரீட்சை நவம்பர் 25, திங்கட்கிழமை ஆரம்பமானது. மழை வெள்ளத்தால் 27ஆம் திகதி முதல் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4இல் மீண்டும் தொடங்கியது. அன்றிலிருந்து நடந்த வினாத்தாள்கள் பழைய நேரசூசிப்படியே நடந்தன. தவறிப்போன ஆறு நாட்களுக்கும் கடைசியில் புதுத் திகதி கொடுத்தார்கள். நவம்பர் 27, 28, 29, 30, டிசம்பர் 2, 3 ஆகிய நாட்களுக்குரியவை முறையே டிசம்பர் 21, 23, 27, 28, 30, 31 ஆகிய நாட்களுக்கு மாறின.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பின் நான்கு நாட்களும் சரியாக 28 நாள் தள்ளிப்போயின. வெள்ளி வெள்ளியாகவே இருந்தது, சனி சனியாகவே இருந்தது. அதைப் பார்த்து "எல்லாவற்றுக்கும் நாலு கிழமை கூட்டினால் சரி" என்று ஒருவர் அலாரத்தை மாற்றியிருந்தால், முதல் இரண்டு வினாத்தாளையும் தவறவிட்டிருப்பார். நவம்பர் 27உடன் நாலு கிழமை கூட்டினால் நத்தார் தினம் வரும். உண்மையில் அந்த வினாத்தாள் 21ஆம் திகதி சனிக்கிழமைக்கு வந்தது, அதாவது 24 நாள் தள்ளி. 28ஆம் திகதியுடையது 25 நாள் தள்ளிப்போனது. திருத்தம் வந்தால் கணக்குப் போடக்கூடாது, ஒவ்வொரு வரியாகப் பார்த்து மாற்ற வேண்டும். 2025 பரீட்சையும் டிட்வா புயலால் இடைநின்று, மிச்சம் 2026 ஜனவரியில்தான் நடந்தது. இரண்டு வருடம் தொடர்ந்து இப்படி ஆனபிறகு, போனில் கிடக்கும் படத்தைக் கடைசி வார்த்தையாக எடுப்பது சரியில்லை. திணைக்களத்தின் doenets.lk தளத்திலோ 1911 இலக்கத்திலோ ஒருமுறை சரிபார்க்கலாம்.

இனி அந்த மூன்றில் எதை முதலில் செய்வது? பிள்ளை என்ன கேட்டிருந்தாலும் முட்டுகிறதா என்பதை முதலில் பார்ப்பதே என் வழக்கம். மூன்று பாடங்கள் என்றால் ஐந்து நிமிட வேலை. மற்ற இரண்டும் அதன்மேல்தான் நிற்கின்றன. வழமையான பாடச் சேர்க்கைகளில் வினாத்தாள்கள் ஒரே நேரத்தில் விழுவது அரிது. அபூர்வமான கலைப்பிரிவுச் சேர்க்கைகளில் கவனமாகப் பாருங்கள். உண்மையிலேயே முட்டினால் பாடசாலைப் பரீட்சார்த்தி அதிபர் மூலமும், தனிப்பட்ட பரீட்சார்த்தி தானாகவும் திணைக்களத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

வகுப்பு நேரசூசி என்றால் கதை வேறு. அங்கே முட்டல் தாளில் தெரியாது. கொட்டாஞ்சேனையில் நாலு மணிக்கு ஒரு வகுப்பு முடிகிறது, வெள்ளவத்தையில் நாலரைக்கு அடுத்தது தொடங்குகிறது என்று வையுங்கள். தாளில் அரை மணி இடைவெளி இருக்கிறது. பின்னேர நெரிசலில் காலி வீதியால் வந்து பார்த்தவருக்குத்தான் அது இடைவெளி இல்லை என்று தெரியும். ஆகவே ஒவ்வொரு வகுப்பின் முடிவு நேரத்தோடும் பயண நேரத்தைக் கூட்டி எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும்.

ஞாபகமூட்டலில் வழமையாக நடக்கும் பிழை மணியில்தான். நேரசூசியில் பிற்பகல் 1.00 என்று இருப்பதை அப்படியே போனில் போட்டால் நள்ளிரவுக்குப் பிந்திய ஒரு மணியாகப் பதிந்துவிடும். 13:00 என்று போட வேண்டும். கனடாவில் இருக்கும் மாமா நாட்காட்டி செய்து அனுப்பினால், அது கொழும்பு நேரத்தில் பதியப்பட்டதா என்றும் பாருங்கள். வினாத்தாள் தொடங்கும் நேரத்துக்கு அலாரம் வைப்பதில் பயனில்லை. முதல்நாள் இரவு ஒன்று (அனுமதி அட்டை, அடையாள அட்டை, பேனை), காலையில் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டிய நேரத்துக்கு ஒன்று. இந்த இரண்டும் போதும்.

திட்டம் போடும்போது பரீட்சைக்கு எத்தனை நாள் என்பதை மட்டும் எண்ணினால் போதாது, வினாத்தாள்களுக்கு இடையில் உள்ள நாட்களையும் எண்ண வேண்டும். மாதிரிக்கு ஒரு உயிரியல் பிள்ளையை எடுப்போம். செவ்வாய் காலை இரசாயனவியல் இரண்டாம் பகுதி, புதன் காலை பௌதிகவியல் இரண்டாம் பகுதி, உயிரியல் அடுத்த வியாழன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் பகுதி மூன்று மணித்தியாலம், அதோடு வாசிப்பதற்கு மேலதிகமாக 10 நிமிடம். அதை எழுதிவிட்டு வரும் பிள்ளைக்குச் செவ்வாய் பின்னேரம் மட்டும்தான் பௌதிகவியலுக்கு மிஞ்சும். அந்தப் பின்னேரத்தில் புதிதாக ஓர் அலகு படிக்க முடியாது. சமன்பாடுகளைப் பார்த்து, பழைய வினாத்தாளில் இரண்டு கணக்குச் செய்யலாம், அவ்வளவுதான். ஆகவே பௌதிகவியல் பரீட்சை தொடங்க முன்னரே முடிந்திருக்க வேண்டும். உயிரியலுக்கு இடையில் ஏழு முழு நாட்கள் இருப்பதால், அதன் மனப்பாடப் பகுதிகளை அங்கே தள்ளிவைக்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிடித்த பாடத்துக்கு முன்னைய மாதங்களைக் கொடுத்துவிட்டு, இடைவெளி இல்லாத பாடத்தைக் கடைசிக்கு விடுகிறார்கள்.

இன்னொன்றும் கணக்கில் வர வேண்டும். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே ரியூசன் வகுப்புகளும் கருத்தரங்குகளும் திணைக்களத்தால் தடை செய்யப்படும். கடைசிக் கிழமை கருத்தரங்கில் முடித்துக்கொள்ளலாம் என்று ஓர் அலகைத் திட்டத்தில் ஒதுக்கி வைத்திருந்தால், அந்த நாட்களில் பிள்ளைக்கு வகுப்பு இராது. தடை தொடங்கும் திகதி அறிவிக்கப்பட்டதும் அதையும் அதே நாட்காட்டியில் ஒரு வரியாகப் போட்டு, அதற்குப் பிந்திய ரியூசன் ஞாபகமூட்டல்களை அழித்துவிடுங்கள்.