'சின்ன வேலைதான், முடிச்சுக் கொடுத்துடும்மா': சீனியர் தரும் கூடுதல் வேலையை மரியாதை குறையாமல் மறுப்பது எப்படி?

மாலை 5.40 மணி. கிளம்பத் தயாராகும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: "ம்மா, அந்த 2பி மேட்சிங் கொஞ்சம் பாத்துடு. சின்ன வேலைதான். நாளைக்கு மதியத்துக்குள்ள வேணும்."

அனுப்பியவர் பக்கத்து டீம் சீனியர். உங்கள் மேலதிகாரி அல்ல, ஆனால் உங்களைவிட எட்டு வருடம் மூத்தவர். முடியாது என்று சொன்னால் கோபித்துக்கொள்வாரா? சரி என்று சொன்னால் உங்கள் வேலை என்னாகும்? பெரும்பாலானோர் இந்த இடத்தில் "ஓகே சார்" என்று தட்டிவிட்டு இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த மெசேஜில் மூன்று விஷயங்கள் சொல்லப்படவே இல்லை. வேலை எவ்வளவு பெரியது, அதைக் கேட்பவருக்கும் உங்களுக்கும் அலுவலகத்தில் என்ன உறவு, இந்த ஆபீஸில் 'முடியாது' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு. இந்த மூன்றும் தெரியாமல் சொல்லும் பதில் எதுவாக இருந்தாலும் அது குருட்டு அம்புதான்.

மறுக்க ஏன் இவ்வளவு தயக்கம்?

மொழியியலாளர்கள் பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் மரியாதைப் பேச்சு பற்றி எழுதிய ஆய்வு 1978ல் வெளியானது. 1987ல் தனி நூலாகவும் வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று முக்கிய மொழிகளில் ஒன்று தமிழ். அதற்கான தரவுகள் கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் திரட்டப்பட்டவை.

ஒருவரிடம் எவ்வளவு பணிவாகப் பேச வேண்டும் என்பதை மூன்று அளவுகோல்கள் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் வாதம். கேட்பவருக்கு உங்கள் மேல் உள்ள அதிகாரம், இருவருக்கும் இடையே உள்ள பழக்கத்தின் தூரம், கேட்கப்படும் விஷயம் அந்த ஊரில் எவ்வளவு கனமானதாகக் கருதப்படுகிறது என்பது.

புது ஊழியருக்கு மூன்றுமே தெரியாது. தெரியாதபோது மனம் மூன்றையும் உச்சத்தில் வைத்துக் கணக்குப் போடுகிறது. சீனியருக்குப் பெரிய அதிகாரம் இருக்கும், மறுத்தால் பெரிய தப்பாகிவிடும் என்று. தயக்கம் இங்கேதான் பிறக்கிறது. ஆகவே மறுப்பதற்கு முன் செய்ய வேண்டியது, தெரியாததைத் தெரிந்துகொள்வது.

முதல் கேள்வி: வேலை எவ்வளவு?

மேலே சொன்ன மெசேஜையே எடுத்துக்கொள்வோம். இடம் சென்னையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ், தேதி 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள் 20. ஜிஎஸ்டிஆர்-2பி 14ம் தேதி போர்ட்டலில் வரும். சப்ளையர்கள் ஏற்றிய பில்கள் அதில் இருக்கும். கிளையன்ட்டின் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் மேட்சிங்.

இதில் 'எத்தனை பில்' என்று மட்டும் கேட்டால் போதாது. ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் சரியாக இருப்பவை எக்செல் ஃபார்முலாவில் ஐந்து நிமிடத்தில் பொருந்திவிடும். நேரத்தைத் தின்பது பொருந்தாதவை. சப்ளையர் '041' என்று போட்டிருப்பார், கிளையன்ட் '41' என்று பதிந்திருப்பார். சில பில்கள் போன மாதக் கணக்கில் கிடக்கும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதனால் ஜூனியர் உடனே சரி என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் இப்படிக் கேட்கிறார்:

"சார், மொத்தம் எத்தனை பில் இருக்கும்? போன மாசம் மேட்ச் ஆகாம எத்தனை நின்னுச்சு? மேட்ச் மட்டும் பண்ணா போதுமா, சப்ளையர்கிட்டயும் பேசணுமா?"

பதில் வருகிறது: "370 இருக்கும்மா. போன மாசம் 80 போல நின்னுச்சு. மேட்ச் மட்டும் போதும்."

இப்போது கணக்கு தெரிகிறது. ஒரு பில்லுக்கு மூன்று நிமிடம் என்றால் 80 பில்லுக்கு 240 நிமிடம், அதாவது நான்கு மணி நேரம். 'சின்ன வேலை' என்பது அரை நாள் வேலை. கேட்டவர் பொய் சொல்லவில்லை. பலமுறை செய்து பழகியவருக்கு அது சின்னதாகவே தெரிந்திருக்கும். அந்த நான்கு மணி நேரத்தை எண்ணாகச் சொல்வதே பாதி மறுப்பு. சில சமயம் எண்ணைக் கேட்டதும் சீனியரே "அவ்வளவு ஆகுமா? அப்ப வேணாம், விடு" என்று சொல்லிவிடுவதும் உண்டு.

இரண்டாவது கேள்வி: அவர் உங்களுக்கு யார்?

வயதில், அனுபவத்தில் மூத்தவர் என்பது வேறு. உங்களுக்கு வேலை ஒதுக்குபவர் என்பது வேறு. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு: உங்கள் லீவுக்கு ஓகே சொல்பவர் யார்? உங்கள் வேலை தாமதமானால் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பவர் யார்? அவர்தான் உங்கள் நேரத்துக்குப் பொறுப்பு.

கேட்டவர் அவரே என்றால் 'முடியாது' என்ற சொல்லுக்கே தேவையில்லை. "சார், கையில மூணு 3பி இருக்கு. இதை எடுத்தா அதுல ஒண்ணு 20ம் தேதிக்குள்ள போகாது. எதை முதல்ல முடிக்கட்டும்?" என்று கேட்டால் போதும். முடிவு அவருடையது.

பக்கத்து டீம் சீனியர் என்றால், உங்கள் நேரத்தை அவருக்குக் கொடுக்கும் உரிமை உங்களுக்கும் முழுதாக இல்லை. இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். சீனியரிடம் எதுவும் சொல்லாமல் நேராக மேலதிகாரியிடம் போய்விடுகிறார்கள். அது போட்டுக்கொடுத்ததாகவே பார்க்கப்படும். முதலில் சீனியரிடம், "மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பிறகு கேளுங்கள். ஒளிவுமறைவு இல்லாததால் அவர் காயப்பட மாட்டார்.

மூன்றாவது கேள்வி: இந்த ஆபீஸில் மறுப்பு எப்படி ஒலிக்கும்?

இதை யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கவனித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவர் சீனியரிடம் எப்படி மறுக்கிறார் என்று பாருங்கள். நேரில் போய்ச் சொல்கிறாரா, மெசேஜ் போதுமா? 'சார்' என்கிறாரா, 'அண்ணா' என்கிறாரா? மறுத்த அடுத்த நாள் இருவரும் சேர்ந்து டீ குடிக்கப் போகிறார்களா? போனால், அங்கே மறுப்பு சகஜம் என்று அர்த்தம்.

குறிப்பாக 'பாக்கறேன் சார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சில அலுவலகங்களில் அதற்கு 'நடக்காது' என்று பொருள். சில இடங்களில் 'செய்கிறேன்' என்று பொருள். சொன்னவர் மறுத்துவிட்டதாக நினைத்துத் தூங்கப் போவார். கேட்டவர் வேலை நடப்பதாக நினைத்துத் தூங்கப் போவார். "சரிம்மா, முடிச்சதும் சொல்லு" என்று பதில் வந்தால் உங்கள் மறுப்பு அவருக்குப் போய்ச் சேரவில்லை. அப்போதே திருத்திவிட வேண்டும்.

இந்த உதாரணத்தில் அது பணப் பிரச்னையாகவும் மாறும். 3பி தாமதமானால் வரி உள்ள ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதைச் சுமப்பது சம்பந்தமே இல்லாத கிளையன்ட். 17ம் தேதி மாலை மறுத்தால் சீனியருக்கு வேறு ஆள் தேட நேரம் இருக்கும். 19ம் தேதி இரவு மறுத்தால் இருக்காது. எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் தாமதமான மறுப்பு மரியாதையான மறுப்பு ஆகாது.

என்ன சொல்லலாம்?

மூன்றும் தெரிந்துவிட்டது. நான்கு மணி நேர வேலை, கேட்டவர் வேறு டீம், ஆபீஸில் பெரியவர்களிடம் நேரில் பேசுவதே வழக்கம். ஜூனியர் அவர் சீட்டுக்குப் போய்ச் சொல்கிறார்:

"சார், முழுசா என்னால எடுக்க முடியாது. எங்க டீம்ல மூணு 3பி 19ம் தேதிக்குள்ள முடிக்கணும். நாளைக்கு காலைல 9.30லேர்ந்து ஒரு மணி நேரம் இருக்கு. ஃபார்முலா போட்டு மேட்ச் ஆனதைத் தனியா பிரிச்சுக் கொடுத்துடறேன். மிச்ச 80ஐ வேற யாராவது பார்த்தா சரியா இருக்கும். மேடம்கிட்டயும் சொல்லிடறேன்."

மறுப்பு முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. காரணம் ஒன்றே ஒன்று, அதுவும் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடியது. செய்யக்கூடிய பகுதிக்கு ஆரம்பமும் முடிவும் இருக்கிறது. 'முடிஞ்சா கொஞ்சம் பண்றேன்' என்று சொல்லியிருந்தால் அந்த 80 பில்லும் மதியம் அவர் மேசைக்கே வந்திருக்கும்.

நேரில் பேசிய பிறகு இரண்டு வரியில் மெசேஜ் போட்டுவிடலாம்: "சார், பேசினபடி 10.30க்குள்ள மேட்ச் ஷீட் அனுப்பிடறேன். 80 பில் என்கிட்ட இல்ல." பின்னால் குழப்பம் வராது. இதைக் குரூப்பில் போட வேண்டாம், தனியாக அனுப்புங்கள். நாலு பேர் முன்னால் மறுப்பது கேட்டவரின் முகத்தில் அடிப்பது மாதிரி.

அவர் வற்புறுத்தினால்?

"நாங்கல்லாம் ராத்திரி 12 மணி வரைக்கும் உக்காந்தவங்க" என்ற பேச்சு வரலாம். அப்போது புதுக் காரணங்களைத் தேடாதீர்கள். தலைவலி, வீட்டில் விசேஷம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் முதல் காரணமும் சாக்காகத் தெரியும். தவிர, ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு தீர்வு இருக்கும். "புரியுது சார். அந்த மூணு 3பி இருக்கறதால ஒரு மணி நேரம்தான் முடியும்" என்று அதே வரியை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். பிறகும் விடவில்லை என்றால், "நீங்களும் மேடமும் பேசி முடிவு பண்ணுங்க சார், சொன்னபடி செய்யறேன்" என்பதுதான் கடைசி வரி.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947ன்படி, அதன் வரம்புக்குள் வரும் ஊழியருக்கு வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

ஆனால் ஒருநாள் வேண்டுகோளுக்குச் சட்டத்தை எடுத்து வைப்பது ஈயை அடிக்க உலக்கை எடுப்பது போல. மாதாமாதம் அதே வேலை அதே ஆளிடம் வந்து, மேலதிகாரியிடம் சொல்லியும் நிற்கவில்லை என்றால் அது வேண்டுகோள் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த நிலை வருமா என்பதைத் தெரிந்துகொள்ள, கூடுதலாகச் செய்த வேலையையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால், எச்ஆரிடம் பேசும்போது எடுத்துக் காட்ட உங்களிடம் கணக்கு இருக்கும்.