மெய்ப்பொருள் நாயனாரது பொறை

நடுநாட்டிலே பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரில் இருந்து அரசு புரிந்தவர் மெய்ப்பொருள் நாயனார். சிவனடியார் திருவேடத்தையே மெய்ப்பொருளாகச் சிந்தையிற் கொண்டமையால் அப்பெயர் பெற்றனர். இவரைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையிற் போற்றினர், சேக்கிழார் கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் விரித்துரைத்தனர்.

போரிற் பலமுறை தோற்ற முத்தநாதன் என்பான், திருநீறு பூசிச் சடைமுடி புனைந்து, ஏட்டுச்சுவடி போன்ற கட்டினுள்ளே உடைவாளை மறைத்து, இரவில் அரண்மனை புகுந்தான். எங்கும் கிடைத்தற்கரிய ஆகமம் கொணர்ந்ததாகக் கூறித் தனியிடம் வேண்டினான். நாயனார் தேவியாரை விலக்கி, அவனை உயர்ந்த ஆசனத்து இருத்தித் தாம் கீழே அமர்ந்தனர். சுவடி அவிழ்ப்பான் போல வாளை உருவிக் குத்தினான் அவன். நாயனாரோ அவ்வேடத்தைத் தொழுதனர். வாளோங்கி ஓடிவந்த மெய்காவலன் தத்தனை, இவர் நம்மவர் என்று கூறித் தடுத்து வீழ்ந்தனர். அம்மட்டோ! அவனுக்கு எவராலும் இடையூறு நேராவண்ணம் ஊர்ப்புறத்தே விட்டுவருமாறு பணித்தனர். சினந்து சூழ்ந்த மக்களுக்கு அரசனாணையைக் கூறி விலக்கித் தத்தன் அவ்வாறே செய்து மீண்டான். அச்செய்தி கேட்கும்வரை நாயனார் உயிர் தாங்கியிருந்து, கேட்டபின்னரே இறைவன் திருவடி நினைந்து சிவபதம் எய்தினர்.

இங்கே பொறுத்தவர்க்கு நீங்கியது யாது? உடலிற் பட்ட புண் நீங்கிற்றில்லை. அது பிராரத்தம், நுகர்ந்தே கழிய வேண்டுவது. ஆயின் அந்நுகர்ச்சியின்கண் யான், எனக்கு இவன் செய்தான் என்னும் முனைப்பெழுந்து சினமாயின், அச்சினமே ஆகாமியம் எனும் புதுவினைக்கு வித்தாம். அவ்வித்து நாயனார்பால் விழவில்லை. இறைபணியில் நிற்பவனுக்கு வினை ஏறாது எனச் சிவஞானபோதத்தின் பத்தாஞ் சூத்திரம் உணர்த்தும் நிலை இதுவே. அடியார் வேடத்தை அரனெனத் தொழுக என்னும் பன்னிரண்டாஞ் சூத்திரம் அந்நிலைக்குத் துணையாயிற்று. சமணரும் சினத்தைக் கஷாயம் நான்கனுள் முதலாவதாக வைத்து, அது வினையை உயிரோடு பிணிக்கும் பசை என்பர். வினைக்கொள்கையில் வேறுபடினும், பொறாமையாற் கட்டுறுபவன் பகைவனல்லன், தானே என்பதில் இருவரும் ஒப்பர்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம்: இதனால் வஞ்சகம் அறமாமோ எனின், ஆகாது. முத்தநாதன் செய்தது கொலையே. அவன் மனந்திருந்தியதாகச் சேக்கிழார் யாண்டும் கூறிற்றிலர். நாயனார் தொழுதது வேடத்தையே, செயலையன்று. எனவே, தீங்கிழைத்தவன் திருந்துதலை வேண்டி நில்லாததே இப்பொறையின் இயல்பு. பொறுத்தேன் என்று வாயாற் கூறுதல் எளிது. பகைவன் நலமாய்ப் போய்ச் சேர்ந்தான் என்ற சொல் செவிக்கு இனிமையாயின், உள்ளே சினம் எஞ்சவில்லை என்று துணியலாம். தத்தன் கொணர்ந்த செய்தியை நாயனார் காத்திருந்து கேட்டமை அதற்குச் சான்றாதல் காண்க.