இரவுப் பணியாளரின் பகல் தூக்கமும் தூக்க மாத்திரையும்

இரவுப் பணி முடித்தவர் பகலில் உறங்குவதற்காக மாத்திரை எடுக்கும் வழக்கம், தூக்கக் குறைவே இரவுச் சோர்வுக்குக் காரணம் என்ற எண்ணத்தில் வேரூன்றியது. 1903இல் அறிமுகமான பார்பிட்டால் வகை மருந்துகளில் சிறிது அளவு கூடினாலும் உயிருக்கு ஆபத்து இருந்தது. 1960களில் பரவிய பென்சோடயசிபைன்கள் அந்த ஆபத்தைக் குறைத்தன. ஆயினும், 1980களின் இறுதியில் அமெரிக்காவில் ஜேம்ஸ் வால்ஷ் குழுவினர் அவ்வகையைச் சேர்ந்த டிரையசோலம் மாத்திரையைச் சோதித்தபோது, பகல் தூக்கம் நீண்டது. இரவில் விழிப்போ அதற்கேற்ப மேம்படவில்லை. மாத்திரை தூக்கத்தைத் தருகிறதே தவிர உடலின் கடிகாரத்தை நகர்த்துவதில்லை என்பதே இதன் பொருள். விடியலுக்கு முன் உடல் வெப்பம் தாழும் வேளையில் வரும் தூக்கக் கலக்கம், பகலில் எவ்வளவு உறங்கினாலும் மீண்டும் வரும்.

கடிகாரத்தை நகர்த்துவது ஒளி. 1990இல் சார்லஸ் சைஸ்லர் குழுவினர், நான்கு இரவுகள் 7,000 முதல் 12,000 லக்ஸ் ஒளியில் வேலை செய்யவைத்து, பகலில் முழு இருட்டில் உறங்கவைத்தனர். உடல் வெப்பம் தாழும் நேரம் அதிகாலையிலிருந்து பிற்பகலுக்கு மாறியது. எந்த மாத்திரையும் இன்றிப் பகல் தூக்கமும் சுமார் இரண்டு மணி நேரம் கூடியது. ஒளி தவறான நேரத்தில் பட்டால் எதிர்விளைவு வரும். காலை ஆறு மணிக்குப் பணி முடித்து வெயிலில் வீடு திரும்புபவரின் கடிகாரம் பகல் வாழ்க்கையை நோக்கியே இழுபடும்.

இரவில் விழித்திருக்க உட்கொள்ளும் காஃபீனின் கதை வேறு. மூளைக்குச் சோர்வை உணர்த்தும் அடினோசினின் ஏற்பிகளை அது அடைக்கிறது. மாத்திரையோ காபா ஏற்பிகளில் வேலை செய்கிறது. எனவே ஒன்று மற்றொன்றை முற்றாக அழிப்பதில்லை. காஃபீனின் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். அதிகாலை நான்கு மணிக்கு 200 மில்லிகிராம் உட்கொண்டால், ஒன்பது மணிக்குப் படுக்கும்போது 100 மில்லிகிராம் மிஞ்சியிருக்கும். இரவு பதினொரு மணிக்கே உட்கொண்டிருந்தால் 50தான். மிச்சமிருக்கும் காஃபீனை வெல்ல மாத்திரையின் அளவைக் கூட்டினால், காஃபீன் தீர்ந்த பின்னும் மருந்தின் மயக்கம் மிஞ்சக்கூடும். மறுநாள் காலை வாகனம் ஓட்டும் திறன் குறைவதாகக் கண்டே, 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பெண்களுக்கான சோல்பிடெம் தூக்க மாத்திரையின் அளவைப் பத்திலிருந்து ஐந்து மில்லிகிராமாகக் குறைத்தது.

அப்படியானால் மாத்திரையே வீண் என்று சிலர் கேட்கலாம். அப்படியல்ல. வாரந்தோறும் ஷிப்ட் மாறுபவரின் கடிகாரத்தை ஒளியால் நகர்த்தினால், அடுத்த வாரமே அதைத் திருப்ப வேண்டியிருக்கும். அத்தகையவருக்கு மருத்துவர் சொற்ப நாட்களுக்குத் தரும் மாத்திரை உதவலாம். காலை ஒளியைத் தவிர்க்க வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணியலாம் என்பது உண்மையே. ஆனால் தூங்கி வழிபவர் வண்டி ஓட்டும்போது அது ஆபத்தை மிகுவிக்கும். ஆகவே வரிசை முக்கியம்: காபியைப் பணியின் முற்பகுதியோடு நிறுத்துவதும் படுக்கையறையை இருட்டாக்குவதும் முதலில், மாத்திரை அதன் பிறகே. குறட்டையோடு மூச்சு தடைபடுபவரும் மது அருந்துபவரும் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.