கடனிலிருந்து பிறக்கும் வைப்பு: எட்வின் கேனனின் மறுப்பு குறித்து

வங்கியில் பணம் இரண்டு வழிகளில் வைப்பாகிறது. வாடிக்கையாளர் ரொக்கத்தைக் கொண்டுவந்து கட்டுவது ஒன்று. வங்கி கடன் கொடுத்து, அந்தத் தொகையைக் கடன் வாங்கியவரின் கணக்கில் வரவு வைப்பது மற்றொன்று. முதல் வழியில் நாட்டின் பண அளவு மாறுவதில்லை. கையிலிருந்த நோட்டு கணக்கில் எண்ணாகிறது, அவ்வளவுதான். இரண்டாவது வழியில் நேற்று இல்லாத வாங்கும் சக்தி இன்று ஒருவர் கணக்கில் இருக்கிறது. வேறு யாருடைய கணக்கிலும் அதற்கு ஈடாகக் குறையவில்லை. இதைத்தான் வங்கிகள் பணத்தைப் படைக்கின்றன என்று சொல்கிறார்கள்.

இந்தக் கூற்று எளிதில் ஏற்கப்பட்டதல்ல. ஹென்றி டன்னிங் மக்லியோட் 1850களிலும், ஹார்ட்லி விதர்ஸ் 1909இலும் இதைச் சொல்லியிருந்தனர். ஆனால் 1921 ஜனவரியில், அப்போதுதான் தொடங்கப்பட்ட ‘எகனாமிகா’ இதழின் முதல் இலக்கத்தில், லண்டன் பொருளாதாரப் பள்ளியின் பேராசிரியர் எட்வின் கேனன் இதை அடியோடு மறுத்தார். அவருடைய வாதம் இன்றும் பலர் மனத்தில், குறிப்பாக வங்கி அதிகாரிகள் மனத்தில், வேறு சொற்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அதனால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேனன் எடுத்துக்கொண்ட உவமை ஒரு பொருள் காப்பறை. மக்கள் பைகளை ஒப்படைத்துச் சீட்டு வாங்கிப் போகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி வருவதில்லை என்று கண்ட பணியாளர், பைகளில் முக்கால் பங்கை வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறார். ஒப்படைக்கப்பட்டதாகக் கணக்கில் உள்ள பைகள் இப்போது அறையில் உள்ள பைகளைவிட அதிகம். அந்த வித்தியாசத்தைக் காட்டி, பணியாளர் பைகளைப் படைத்தார் என்று யாராவது சொல்வார்களா? வங்கியும் இப்படித்தான் என்றார் கேனன். பிறர் ஒப்படைத்ததை அது கைமாற்றுகிறது. புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை.

அவர் இப்படி வாதிட்டதற்குக் காலம் ஒரு காரணம். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அரசு தன் கருவூல நோட்டுகளைத் தாராளமாக வெளியிட்டது. விலைவாசி ஏறியபோது பழி வங்கிக் கடன்மேல் போகக்கூடாது, நோட்டு அச்சடித்த அரசின்மேல்தான் விழ வேண்டும் என்பது கேனனின் உறுதி. நெப்போலியன் போர்க்காலத்துத் தாள் பணம் குறித்த நாடாளுமன்ற அறிக்கையை 1919இல் முன்னுரையுடன் மறுபதிப்பாகக் கொண்டுவந்ததும் இந்த நோக்கத்தோடுதான். அரசு நோட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அதை நிறுவுவதற்காக வங்கி வைப்பின் இயல்பையே அவர் தவறாக வரையறுத்துவிட்டார்.

தவறு எங்கே என்பதைக் காட்ட ஒரே ஒரு ஆவணம் போதும். இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய காசோலைகளில் ஒன்று, நிக்கலஸ் வனாக்கர் என்பவர் கையெழுத்திட்டது. டெல்போ என்பவருக்கு 400 பவுண்டு கொடுக்கும்படி, லண்டனில் பத்திரம் எழுதும் தொழிலோடு பணம் வைத்துக் கொடுக்கும் தொழிலையும் நடத்திய கிளேட்டன், மாரிஸ் இருவருக்கும் அது உத்தரவிடுகிறது. தேதி பிப்ரவரி 16, 1659. பாடநூல்கள் ஆண்டை அப்படியே எடுத்தாள்கின்றன. ஆனால் அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. அந்த வழக்கம் 1752 வரை நீடித்தது. எழுதியவர் அந்தக் கணக்கைப் பின்பற்றியிருந்தால், அது நம் கணக்கில் 1660. ஆண்டெண்ணை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க முடியாது.

ஆண்டு எதுவாயினும், அந்தத் தாள் செய்த வேலை தெளிவு. வனாக்கர் நாணயத்தை எடுத்துவந்து கொடுக்கவில்லை. இன்னொருவரிடம் தமக்குள்ள உரிமையில் 400 பவுண்டை டெல்போவுக்கு மாற்றினார். டெல்போ அதை நாணயமாகப் பெற்றாரா, தம் கணக்கிலேயே வரவு வைத்துக்கொண்டாரா என்பதைக் காசோலையின் முகப்பு சொல்லாது. ஒற்றை ஆவணத்தின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். ஆனால் இங்கே வேண்டியது டெல்போ என்ன செய்தார் என்பதல்ல. அவர் அந்த உத்தரவை ஏற்கக்கூடியதாக இருந்தது என்பதே. காப்பறைச் சீட்டைக் காட்டி யாரும் குதிரை வாங்க முடியாது. வங்கி வைப்பைக் காட்டி வாங்கலாம். பையை இரவல் வாங்கியவர் அதைத் தூக்கிச் செல்லும்போது உரியவரிடம் பை இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பயன்படுத்த முடியாது. வைப்பு வைத்தவரும் கடன் வாங்கியவரும் ஒரே நாளில் தத்தம் காசோலையை எழுதலாம். கேனன் பைகளை எண்ணினார்; எண்ணியிருக்க வேண்டியது சீட்டுகளை, ஏனெனில் சந்தையில் பணமாகச் செலாவணியாவது சீட்டுதான்.

இருந்தும் கேனன் தரப்பில் ஒரு உண்மை உண்டு. தனி ஒரு வங்கியின் மேலாளர், தம் வங்கி கையிலிருப்பதற்கு மேல் கொடுக்க முடியாது என்று சொன்னால் அது பொய்யல்ல. இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்கரான சி. ஏ. பிலிப்ஸ். கேனன் கட்டுரைக்கு முந்தைய ஆண்டு, 1920இல், அவருடைய ‘வங்கிக் கடன்’ நூல் வெளிவந்தது. ஒரு வங்கிக்கு முடியாதது வங்கிகள் எல்லாம் சேர்ந்தால் முடிகிறது என்பதே அவருடைய விளக்கம். அதை எண்களில் பார்க்கலாம்.

வங்கி ‘அ’வில் ஒருவர் 10,000 ரூபாய் ரொக்கம் கட்டுகிறார். வைப்பில் 10 விழுக்காட்டை வங்கி கையிருப்பாக வைக்க வேண்டும் என்று கொள்வோம். மீதி 9,000 ரூபாயை அது ஒரு வியாபாரிக்குக் கடன் கொடுத்து, அவர் கணக்கில் வரவு வைக்கிறது. அந்த நொடியில் வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் 9,000 ரூபாய் கடன் கூடுகிறது. பொறுப்புப் பக்கம் 9,000 ரூபாய் வைப்பு கூடுகிறது. முதல் வாடிக்கையாளரின் 10,000 அப்படியே இருக்கிறது. வியாபாரி சரக்கு வாங்கிக் காசோலை கொடுக்கிறார். விற்றவருக்குக் கணக்கு வங்கி ‘ஆ’வில். தீர்வகத்தில் கணக்கு நேர் செய்யப்படும்போது ‘அ’ 9,000 ரூபாய் ரொக்கத்தை ‘ஆ’வுக்குக் கொடுத்துவிட்டு 1,000த்தோடு நிற்கிறது. அதற்கு மேல் அது கடன் கொடுத்திருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். மேலாளர் சொன்னது இதைத்தான்.

ஆனால் ரொக்கம் மறையவில்லை, ‘ஆ’வுக்குப் போயிருக்கிறது. ‘ஆ’ 900ஐ வைத்துக்கொண்டு 8,100 கடன் கொடுக்கிறது. அது ‘இ’க்குப் போகிறது, ‘இ’ 7,290 கொடுக்கிறது. ஒவ்வொரு படியும் முந்தையதில் பத்தில் ஒன்பது. கூட்டிக்கொண்டே போனால் மொத்த வைப்பு 1,00,000 ரூபாயை நெருங்குகிறது. அதில் 10,000 முதலில் வந்த ரொக்கம். மீதி 90,000 ரூபாய் கடன் மூலம் பிறந்தது. எந்த வங்கியும் தன்னிடம் இல்லாததைக் கொடுக்கவில்லை. ஆனாலும் பணம் பெருகியிருக்கிறது. மிட்லண்ட் வங்கியின் டபிள்யூ. எஃப். கிரிக் 1927இல் அதே ‘எகனாமிகா’ இதழில் இதை எடுத்துவைத்தார். 1931இல் மக்மில்லன் குழுவின் அறிக்கையும் வைப்புகளில் பெரும்பகுதி வங்கிகளின் செயலாலேயே தோன்றுகிறது என்று ஏற்றுக்கொண்டது.

பிலிப்ஸின் கணக்கு, கடனாகப் போன ரொக்கம் முழுவதும் ஏதோ ஒரு வங்கிக்குத் திரும்பி வரும் என்று கொள்கிறது. நடப்பில் மக்கள் ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். வைப்பு 100க்கு ரொக்கம் 20 என்ற விகிதத்தில் மக்கள் வைத்துக்கொண்டால், மேலே கண்ட 10,000 ரூபாய் இரண்டாகப் பிரியும்: ஏறத்தாழ 6,667 ரூபாய் மக்கள் கையில், 3,333 ரூபாய் வங்கிகளின் கையிருப்பில். அந்தக் கையிருப்பு 33,333 ரூபாய் வைப்பைத்தான் தாங்கும். மக்களின் ரொக்கத்தையும் சேர்த்தால் பணம் 40,000 ரூபாய். பத்து மடங்கு நான்கு மடங்காகச் சுருங்கிவிட்டது.

இந்தியாவில் ரொக்க இருப்பு விகிதம் 2013 முதல் 2020 தொடக்கம் வரை 4 விழுக்காடாக இருந்தது. பாடநூல் வாய்பாட்டின்படி பணம் 25 மடங்காக வேண்டும். ரிசர்வ் வங்கி வெளியிடும் பணப்பெருக்கி சாதாரண காலங்களில் ஐந்து, ஆறு மடங்கைத்தான் ஒட்டி நின்றது. அடிப்படைப் பணத்தில் பெரும்பகுதி மக்கள் கையில் நோட்டாக இருப்பதே முக்கியக் காரணம். 2016 நவம்பரில் பெருமதிப்பு நோட்டுகள் செல்லாதவையாகி, மக்கள் அவற்றை வங்கியில் கட்டியபோது, யாரும் கடனை வாரி வழங்காமலேயே இந்தப் பெருக்கி உயர்ந்தது. வாய்பாட்டில் மக்களின் ரொக்க விகிதத்தையும் சேர்ப்பது வெறும் அலங்காரமல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

பிலிப்ஸின் படத்திலும் ஒரு குறை இருக்கிறது. முதலில் கையிருப்பு வருகிறது, பிறகு கடன் போகிறது என்று அது வரிசைப்படுத்துகிறது. இங்கிலாந்து வங்கி 2014இல் தன் காலாண்டு இதழில் இந்த வரிசையை மறுத்தது. நம்பகமான கடனாளி வந்தால் வங்கி முதலில் கடன் கொடுக்கிறது. தேவைப்படும் கையிருப்பைப் பிறகு சந்தையிலோ மைய வங்கியிடமோ திரட்டுகிறது. மைய வங்கி வட்டி விகிதத்தைக் குறியாக வைத்துக் கேட்ட கையிருப்பைத் தருமானால், கையிருப்பு கடனுக்கு வேலியாக இருப்பதில்லை. அமெரிக்காவில் கட்டாயக் கையிருப்பு விகிதம் 2020 மார்ச்சில் பூஜ்யமாக்கப்பட்டது. மக்களின் ரொக்கத்தைக் கணக்கில் சேர்க்காத வாய்பாட்டின்படி கடன் எல்லையற்றுப் பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை. வங்கியின் மூலதன அளவு, திருப்பிக் கட்டக்கூடிய கடனாளிகள் கிடைப்பது, வட்டி இவையே உண்மையான எல்லைகள். ஆனாலும் தீர்வகத்தில் ரொக்கத்தை இழக்கும் வங்கி அதற்கு விலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற பிலிப்ஸின் கருத்து இதனால் பொய்யாகிவிடவில்லை. இரண்டு விளக்கங்களில் எது எந்தக் காலத்துக்குப் பொருந்தும் என்பது அந்தந்த நாட்டு மைய வங்கி நடக்கும் முறையைப் பொறுத்தது. ஒரே விடை இல்லை.

கேனனின் உவமையால் விளக்கவே முடியாத ஒன்றும் உண்டு. கடன் திருப்பிக் கட்டப்படும்போது கடனாளியின் வைப்பும் வங்கியின் கடன் கணக்கும் ஒன்றாகக் குறைகின்றன, பணம் அழிகிறது. 1929க்கும் 1933க்கும் இடையே அமெரிக்காவில் மக்கள் அஞ்சி ரொக்கத்தை எடுத்தனர், வங்கிகள் கடன்களைத் திரும்பப் பெற்றன, ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. ஃபிரீட்மனும் ஷ்வார்ட்ஸும் 1963இல் காட்டியபடி, அந்த ஆண்டுகளில் பண அளவு மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. மைய வங்கி வெளியிட்ட அடிப்படைப் பணமோ குறையவில்லை, கூடியிருந்தது. காப்பறைக் கணக்கில் பைகள் குறையாமல் பைகள் காணாமல் போக வழியில்லை.