விமானம் ‘Delayed’னு மெசேஜ் வந்தாச்சு... அஞ்செட்டியிலிருந்து எப்போ கிளம்பணும்?

அஞ்செட்டியிலிருந்து தேவனஹள்ளி கெம்பேகவுடா விமான நிலையத்துக்குப் போய் விமானம் ஏறுறது சின்ன பயணம் இல்லை. தேன்கனிக்கோட்டை, ஓசூர் வழியாகப் போய் பெங்களூரு டிராஃபிக்கையும் தாண்டணும். 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் என்பதால், வீட்டைவிட்டு கிளம்பும் நேரத்தில் எடுக்கும் முடிவுதான் முக்கியம்.

உதாரணத்துக்கு, இரவு 9.30-க்கு டெல்லி விமானம் என்று வைத்துக்கொள்வோம். மாலை 3.30-க்கு கிளம்பும்போது ‘11.00-க்கு புறப்படும்’ என்று மெசேஜ் வருகிறது. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளம்பலாமா? வேண்டாம். பலகையில் STD என்பது அட்டவணை நேரம், ETD என்பது கணிப்பு நேரம். கணிப்பு மாறக்கூடியது. வேறு விமானம் கிடைத்தால் 11.00 மறுபடி 10.00 ஆகலாம். உள்நாட்டு விமானங்களுக்கு செக்-இன் கவுன்ட்டர் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே மூடப்படும். புதிய செக்-இன் நேரம் மெசேஜில் தெளிவாக இல்லையென்றால், 8.30-க்குள் கவுன்ட்டரில் நிற்பதுதான் பாதுகாப்பு.

தாமதம் நிஜமா என்பதை பிறகு சரிபார்க்கலாம். உங்களை ஏற்றிச்செல்ல வேண்டிய விமானம் எங்கே இருக்கிறது என்று ஃப்ளைட் டிராக்கர் தளங்களில் பாருங்கள். அது டெல்லியிலிருந்தே 7.40-க்குத்தான் கிளம்பியது என்றால், 10.25 வாக்கில் இறங்கும். பயணிகளை இறக்கி, சுத்தம் செய்து, மறுபடி ஏற்ற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்போ 11 மணி நம்பக்கூடியதுதான். அது ஏற்கெனவே வந்து நிற்கிறதென்றால் உஷாராக இருங்கள்.

இன்னொரு சிக்கல், மெசேஜே வராமல் போவது. கம்பெனியோ டிராவல்ஸோ டிக்கெட் போட்டிருந்தால் அவங்க நம்பருக்குத்தான் அலெர்ட் போகும். PNR-ஐ வாங்கி, விமான நிறுவன ஆப்பில் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் T1-ஆ, T2-ஆ என்றும் பாருங்கள், இரண்டும் தனித்தனி கட்டடம்.

கேட் நம்பர் போர்டிங் பாஸில் அச்சாகியிருந்தாலும் மாறலாம். உள்ளே போனதும் பலகையில் ஊர்ப்பெயரை அல்ல, விமான எண்ணைத் தேடுங்கள். டெல்லிக்கே ஒரே நேரத்தில் இரண்டு விமானம் இருக்கும். கேட் வழக்கமாக 20-25 நிமிடம் முன்பே மூடிவிடும். ‘Final Call’ வந்த பிறகு டீ வாங்கப் போனால் கஷ்டம்தான்.

இறங்கிய பின் பெல்ட் பலகையிலும் விமான எண்தான் அடையாளம். ‘Last Bag’ என்று வந்தும் பெட்டி வரவில்லையா? வெளியே போய்விடாதீர்கள். லக்கேஜ் டேக் சீட்டைக் காட்டி, அங்கேயே இருக்கும் நிறுவன கவுன்ட்டரில் புகார் எழுதி, எண் வாங்கிக்கொள்ளுங்கள். அஞ்செட்டிக்குத் திரும்பி வந்து போனில் புகார் சொன்னால், பெட்டி வரவில்லை என்பதை நிரூபிப்பதே பெரும்பாடு.