புத்தூரும் ஓசூரும்



காலைக் கூட்டத்தில் அணி வகுத்து நிற்கும் உங்களிடம் ஒரு சிறு பெயர்ப் புதிரோடு என் பேச்சைத் தொடங்குகிறேன். நம் நகரின் பெயர் கோயம்புத்தூர். அதன் பின்பகுதி ‘புத்தூர்’. புதிய ஊர் என்பது பொருள். கொங்கு நாட்டின் வடக்கு எல்லைக்கு அருகே ஓசூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. புத்தூர், ஓசூர் என்னும் இவ்விரண்டும் ஒரே பெயர் என்று நான் சொன்னால் நம்புவீர்களா? காதுக்குச் சிறிதும் ஒற்றுமை தெரியவில்லை. ஆயினும் அவை ஒன்றுதான். அது எவ்வாறு என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அதற்கு முன், என் பள்ளி நாளில் நிகழ்ந்த ஒன்றைக் கூற வேண்டும். என் வகுப்பில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் இருந்தான். அவன் வீட்டில் பேசுவது கன்னடம். ஒரு நாள் ஆசிரியர், “காலையில் என்ன அருந்தி வந்தாய்?” என்று வினவினார். அவன் வாய் தவறி, “ஹாலு” என்று சொல்லிவிட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. பால் என்று சொல்லத் தெரியாத நாக்கு என்று எவனோ கூறினான். நானும் சிரித்தேன். அதன்பின் அவன் வகுப்பில் வாய் திறப்பது அரிதாயிற்று. அந்தச் சிரிப்பு எவ்வளவு அறியாமை நிறைந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

கோவைக் கடைவீதியில் சிறிது நேரம் நின்று கேளுங்கள். தமிழ் ஒலிக்கும். கரிசல் நிலத்து ஊர்களிலிருந்து வருவோரில் சிலர் தமக்குள் தெலுங்கில் பேசுவர். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்தோர் மலையாளம் பேசுவர். நெசவாளர் சிலர் வாயில் கன்னடம் கேட்கும். இவர்கள் அனைவரும் பாலுக்கு என்ன சொல் வழங்குகிறார்கள்? தமிழிலும் மலையாளத்திலும் பால், தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. ஒரு சொல்லோடு நின்றால் இது தற்செயலாக இருக்கலாம். ஆகவே மேலும் சில சொற்களைப் பார்ப்போம். நம் பல், கன்னடத்தில் ஹல்லு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பூ, ஹூ. பாடு, ஹாடு. சொல்லின் முதலில் நாம் பகர ஒலி வைக்கும் இடத்தில் கன்னடம் ஹகர ஒலி வைக்கிறது. ஒரு முறை இருமுறை அன்று, வரிசையாக. இத்தகைய ஒழுங்கு தற்செயலாக அமையாது.

இப்போது உங்கள் உள்ளங்கையை வாய்க்கு முன்னே வைத்துக்கொண்டு ‘பால்’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் இரண்டு இதழ்களும் இறுக மூடுகின்றன. மூச்சு பின்னால் அடைபடுகிறது. பிறகு இதழ்கள் திறக்க ஒலி பிறக்கிறது. இனி, இதழ்களை முழுவதும் மூடாமல் சற்றே நெருக்கி மட்டும் அதே சொல்லைச் சொல்லுங்கள். மூச்சு இடுக்கு வழியே கசிந்து, ‘ஃபால்’ என்பது போல ஒலிக்கும். இதழ்களை நெருக்குவதையும் விட்டுவிட்டால் எஞ்சுவது என்ன? வெறும் மூச்சுதான், அதுவே ‘ஹால்’. ஆக, பகரத்திலிருந்து ஹகரத்திற்குச் செல்லும் வழி, இதழ்கள் படிப்படியாகத் தளரும் வழியே ஆகும். உலகில் வேறு மொழிகளும் இவ்வழியில் நடந்துள்ளன. லத்தீன் மொழியில் தந்தைக்குப் ‘பாதெர்’ என்று பெயர். அதன் உறவுச் சொல் ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’ என நிற்கிறது. ஆங்கிலம் பாதி வழியில் நின்றது. கன்னடம் முழு வழியும் சென்றது.

இது உண்மையாயின், பண்டைக் கன்னடத்தில் பகரம் இருந்திருக்க வேண்டுமல்லவா? இருந்தது. அதற்குக் கல்லே சாட்சி. ஹாசன் மாவட்டத்தில் ஹல்மிடி என்னும் சிற்றூர் உண்டு. அங்கே கிடைத்த, ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, கன்னடத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று. இன்று ஹகரத்தில் தொடங்கும் அவ்வூரின் பெயர் அக்கல்வெட்டில் பகரத்தில் தொடங்குகிறது. 10ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கல்வெட்டுகளில் ஹகரம் தலைகாட்டுகிறது. பின்வந்த சில நூற்றாண்டுகளில் அதுவே பெருவழக்காகி, பழைய பகரம் மறைந்தது. எந்த அரசனும் ஆணையிட்டு இதனைச் செய்யவில்லை. தாயின் ஒலியைவிடச் சிறிதே தளர்ந்த ஒலியை மகள் ஒலித்தாள். அவளினும் சிறிது தளர்த்திப் பேத்தி ஒலித்தாள். யாரும் கவனிக்கவில்லை.

இம்மாற்றத்திற்கு எல்லையும் உண்டு. அப்பா, உப்பு என்னும் சொற்களைக் கன்னடரும் நம்மைப் போலவே பகரத்தோடு ஒலிக்கின்றனர். காரணம் எளிது. அங்கே பகரம் இரட்டித்து நிற்கிறது. இதழ்கள் நெடுநேரம் அழுந்தி மூடுவதால் தளர்ச்சி புகவில்லை. அன்றியும், இம்மாற்றம் முடிந்த பின் கன்னடத்திற்குள் வந்த சொற்கள் அதற்கு ஆட்படவில்லை. ஆங்கிலத்திலிருந்து வந்த ‘பேப்பர்’ கன்னடத்திலும் பேப்பரே; ‘ஹேப்பர்’ ஆகவில்லை. ஒரு சொல் எப்போது வீட்டிற்குள் வந்தது என்பதையும் ஒலி ஓரளவு காட்டிவிடுகிறது.

இனி நம் புதிருக்கு வருவோம். ‘புது’ என்னும் சொல்லுக்கு உறவான பழங்கன்னடச் சொல் ‘பொஸ’. முதலிலுள்ள பகரம் ஹகரமாகி அது ‘ஹொஸ’ ஆயிற்று. ஹொஸ ஊரு, ஹொஸூரு. ஹகரம் தமிழ் நாவில் நழுவியதால் ஓசூர். புத்தூரும் ஓசூரும் ஒன்றே என்று நான் சொன்னது இதனால்தான். நீலகிரிக்குச் சென்றால் படகர் தம் ஊரை ‘ஹட்டி’ என்பர். மலையடிவாரத்தில் நாம் ‘பட்டி’ என்று சொல்வதும் அதுவே. சரவணம்பட்டியிலுள்ள பட்டிதான் மலையேறியதும் ஹட்டியாக ஒலிக்கிறது.

அப்படியானால் தமிழ் மட்டும் மாறாது நின்றது, கன்னடம் வழுவியது என்று முடிவு கட்டலாமா? பொறுங்கள். நம் ‘செவி’யைக் கன்னடர் ‘கிவி’ என்பர். நம் ‘சிறு’ அவர்களிடம் ‘கிரு’. சிறுவிரல் அங்கே கிருபெரளு. செந்நிறத்தை அவர்கள் ‘கெம்பு’ என்பர். நம் செம்மையின் உறவு அது. இங்கே பழைய ஒலியைக் காத்தவர் அவர்கள், மாற்றியவர் நாம். ககரம் நாவின் பின்பகுதியில் பிறப்பது. இகரமும் எகரமும் முன்பகுதியில் பிறப்பவை. அடுத்து வரும் உயிரை எதிர்நோக்கி நா முன்னே நகர, ககரம் சகரமாயிற்று. ஜெர்மானியர் ‘கேஸெ’ என்னும் பாலாடைக்கட்டியை ஆங்கிலேயர் ‘சீஸ்’ என்பதும் இவ்வகை மாற்றமே.

அவ்வாறாயின் கிளி ஏன் சிளி ஆகவில்லை? கெடு ஏன் செடு ஆகவில்லை? அச்சொற்களை ஒலித்து, நுனிநாவைக் கவனியுங்கள். ளகரத்திற்கும் டகரத்திற்கும் அது மேலே வளைந்து பின்னோக்கிச் செல்கிறது. முன்னே நகர இருந்த நாவை அது பிடித்து நிறுத்திவிட்டது. கிழங்கு, கேள் என்பனவும் அவ்வாறே தப்பின. தெலுங்கோ இத்தடையையும் பொருட்படுத்தவில்லை. அங்கே கெடு ‘செடு’வாயிற்று, கிளியின் உறவு ‘சிலுக’ என நிற்கிறது. கீரி, கீரை போன்ற சில சொற்கள் இவ்விதிக்குள் அடங்காமல் நிற்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அத்தகையவற்றைத் தனித்தனியே ஆராய வேண்டும்.

இந்த ஆராய்ச்சி நம் நாட்டிலேயே வேர்விட்டது. 1816ஆம் ஆண்டில், சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் என்பவர் தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, இம்மொழிகள் ஒரு குடும்பத்தவை என்று காட்டினார். 1856இல் கால்டுவெல் அதனை விரிவான இலக்கணமாக எழுதினார். 1961இல் பரோ, எமனோ என்னும் இருவர் இம்மொழிகளின் உறவுச் சொற்களைத் தொகுத்து அகராதியாக வெளியிட்டனர். அந்த அகராதியின் திருத்திய பதிப்பை ஒரு நூல்நிலையத்தில் முதன்முறை நான் திறந்தபோது, தேடிய முதற்சொல் எது என்று சொல்லவும் வேண்டுமோ? பால். அதே பதிவில், சில வரிகளுக்குக் கீழே ஹாலு இருந்தது. என் பள்ளித் தோழனின் முகம் நினைவுக்கு வந்தது.

தட்பவெப்பத்தால் மொழியின் ஒலி வேறுபடுகிறது என்பாரும், நாவின் அமைப்பால் என்பாரும் உளர். ஒரே தெருவில், ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரு வீடு பால் என்றும் மறுவீடு ஹாலு என்றும் கூறுவதை நாம் கண்டோம். அவ்விரு வீட்டுக் குழந்தைகளும் இடம் மாறி வளர்ந்தால் சொல்லும் மாறிவிடும். நாள்தோறும் யாரோடு பேசுகிறோமோ அவரோடு சேர்ந்தே நம் ஒலியும் நகர்கிறது. ஒரு காலத்தில் ஒன்றாகப் பேசிய மக்கள் மலையாலும் காட்டாலும் தொலைவாலும் பிரிந்தபோது, ஒரு கூட்டத்தில் நேர்ந்த நகர்ச்சி மற்றொன்றை எட்டவில்லை. ஒரு மாற்றம் எவ்வழியில் நடந்தது என்று நாம் சொல்லலாம். அது ஏன் அந்த நூற்றாண்டில், அந்த மக்களிடம் தொடங்கியது என்று கணக்கிட்டுச் சொல்ல இயலாது.

இன்று கூட்டம் கலைந்து நீங்கள் வகுப்புக்குச் செல்லும்போது, பக்கத்தில் வரும் தோழன் வீட்டில் வேறு மொழி பேசுபவனாக இருக்கலாம். பால், பல், பத்து, செவி என்னும் நான்கு சொற்களுக்கு அவன் வீட்டில் என்ன வழங்குகிறார்கள் என்று கேளுங்கள். விடைகளைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிப் பாருங்கள். நான் சிரித்த இடத்தில் நீங்கள் கேள்வி கேட்கலாம்.