தேவையின் விலை நெகிழ்ச்சி

ஒரு பொருளின் விலை ஒரு சதவீதம் மாறும்போது அதன் விற்பனை அளவு எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதைக் காட்டும் எண், தேவையின் விலை நெகிழ்ச்சி. இலங்கைப் பாடநூல்களில் இது கேள்வியின் விலை நெகிழ்ச்சி எனப்படும். ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூல் வழியாக இக்கருத்து பரவியது. விலை ஏறினால் விற்பனை குறையும் என்பதால் விடை எதிர்மறையாக வரும். குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்வதே வழக்கம்.

ஒரு டீக்கடையில் வடை 10 ரூபாய்க்கு விற்றபோது நாளுக்கு 200 வடை போனது; 12 ரூபாய் ஆக்கியதும் 160தான் போகிறது என்று கொள்வோம். விலை 20 சதவீதம் ஏற்றம், விற்பனை 20 சதவீதம் இறக்கம், நெகிழ்ச்சி 1. அப்படியானால் வருவாய் மாறியிருக்கக் கூடாது. ஆனால் கல்லாவில் 2,000 ரூபாய் விழுந்த இடத்தில் 1,920தான் விழுகிறது. அதே கணக்கை 12இலிருந்து 10க்குத் திருப்பிப் போட்டால் விடை 1.5. ஒரே கடை, ஒரே வடை, இரண்டு விடை!

தொடக்க விலையை அடிப்படையாக வைத்ததே இதற்குக் காரணம். இரண்டு விலைகளின் சராசரியையும் இரண்டு அளவுகளின் சராசரியையும் அடிப்படையாக வைத்தால் சிக்கல் தீரும். இதை நடுப்புள்ளி முறை என்பர்.

அளவு மாற்றம்: 40 ÷ 180 = 22.2%
விலை மாற்றம்: 2 ÷ 11 = 18.2%
நெகிழ்ச்சி: 22.2 ÷ 18.2 = 1.22

எந்தத் திசையில் போட்டாலும் இதே விடைதான். வருவாயோடும் இது பொருந்துகிறது. விலை ஏற்றத்தால் சராசரி 180 வடைக்குத் தலா 2 ரூபாய் வீதம் 360 ரூபாய் கூடுகிறது. விற்காமல் போன 40 வடையால் சராசரி 11 ரூபாய் வீதம் 440 ரூபாய் போகிறது. மிச்சக் குறைவு 80 ரூபாய். நெகிழ்ச்சி 1க்கு மேல் இருந்தால் விலையேற்றம் வருவாயைக் குறைக்கும், 1க்குக் கீழ் இருந்தால் கூட்டும் என்ற விதி இதிலிருந்தே வருகிறது.

இந்த 1.22 வடைக்கே உரிய நிலையான குணம் அன்று. ரூபாய்க்கு 20 வடை வீதம் குறையும் இதே போக்கு கீழ் விலைகளிலும் இருந்தால், 6 ரூபாய்க்கு 280 வடையும் 8 ரூபாய்க்கு 240 வடையும் விற்கும். அங்கே நெகிழ்ச்சி 0.54, வருவாய் 1,680இலிருந்து 1,920 ஆக ஏறும். நேர்கோட்டுத் தேவையில் விலை ஏற ஏற நெகிழ்ச்சியும் ஏறும். அது 1 ஆகும் 10 ரூபாயில் வருவாய் உச்சம் தொடுகிறது.

விலையேற்றிய நாளில் மழை பெய்தாலோ பக்கத்துக் கடையும் விலையை ஏற்றியிருந்தாலோ, விற்பனை மாற்றத்தை விலையின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. வருவாய் வேறு, லாபம் வேறு என்பதும் அடிக்கடி மறக்கப்படுகிறது. ஒரு வடைக்கு உளுந்து, எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்த்து 4 ரூபாய் ஆகுமானால், சுடாமல் விட்ட 40 வடையால் 160 ரூபாய் மிச்சம். வருவாய் 80 ரூபாய் குறைந்தும் கடைக்காரருக்கு லாபம் 80 ரூபாய் கூடியிருக்கிறது.